வரம்பை உயர்த்தியது நான்தான்

பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கம்பெனியின் விற்பனை நிலையத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். போஸ்ட்பெய்டு கவுண்டர் என்னுடையது. புது இணைப்பு கொடுப்பது, பில் சந்தேகம் தீர்ப்பது, வெளிநாடு போகிறவர்களுக்கு ரோமிங் போட்டுக் கொடுப்பது, எல்லாம் அங்கேதான். பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு கத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கத்துகிறவரைச் சமாளிப்பது சுலபம். ஒரு நாற்காலி, ஒரு தம்ளர் தண்ணீர், "சரி பண்ணித் தாரேன் அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை. பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள்.

அந்தப் பெண் கத்தவில்லை. கறுப்புப் பர்தா, தோளில் ஒரு துணிப்பை. முப்பது வயது இருக்கும். கைபேசியில் வந்திருந்த பில்லை எங்கேயோ கடையில் அச்செடுத்து, நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். என் முன்னால் பிரித்து வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இது என்னக்கா?"

எண்பத்தேழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். மாச வாடகை ஐந்நூறு சொச்சம் வருகிற இணைப்பு அது. மேலே இருந்த பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆள் நினைவுக்கு வந்துவிட்டார். மேலப்பாளையத்தில் கைலி மொத்த வியாபாரம் செய்கிற பாய். ஒரு மாதத்துக்கு முன்னால், மக்காவுக்கு உம்ரா யாத்திரை போவதற்கு முன் வந்து, பத்து நாள் ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போனவர். பேக்குக்கான பணத்தைச் சட்டைப் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். போகும்போது, "அங்கன இருந்து ஒனக்கும் துவா செய்யுதேன்" என்று சொன்னார்.

"பாய் வரலியா? அவங்களக் கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிடுதேன்" என்றேன்.

"வாப்பா மக்காவுலேயே மவுத்தாயிட்டாங்க."

பாய் இறந்துவிட்டார் என்கிறாள். நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். அவளே சொன்னாள். ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் அவருக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கூடப் போனது அவள் அம்மா, உம்மா மட்டும். குரூப்பில் வந்த மற்றவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். ஆறு நாள் படுக்கையில் இருந்தார். இங்கே மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவள் இவள். யாருக்கும் பாஸ்போர்ட் இல்லை. வாப்பாவின் போனில் வீடியோ அழைப்பு போட்டு உம்மா அவர் முகத்துக்கு நேரே பிடித்திருப்பாராம். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நெடுநேரம். ஏழாவது நாள் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

"பேக்கு போட்டிருக்குல்லா, பேசுங்க பேசுங்கன்னு உம்மாகிட்ட நான்தான் சொன்னேன்" என்றாள்.

பேக் பத்து நாளுக்குத்தான். பத்தாவது நாள் முடிந்ததும் அது தானாக நின்றுவிடும். ஆனால் நெட் நிற்காது. ஒவ்வொரு எம்.பி.க்கும் தனித்தனியாகச் சாதாரண ரோமிங் கட்டணம் ஏறத் தொடங்கும். வீடியோ அழைப்பு ஒரு மணி நேரம் ஓடினால் நூற்றுக்கணக்கான எம்.பி. போகும். ஆறு நாளில் ஐந்து நாள் பேக் இல்லாமல் பேசியிருக்கிறார்கள். மருமகன், பேரப்பிள்ளைகள், கடையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று அவர் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

"பாக்குதேன்மா, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். புகாராகப் பதிந்து ஒரு எண்ணும் கொடுத்தேன். அவள் அதை அந்தப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அவள் போன பிறகு கணினியில் அந்த இணைப்பைத் திறந்தேன். இவ்வளவு தூரம் ஏறவே முடியாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. போஸ்ட்பெய்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கடன் வரம்பு உண்டு. கட்டாத உபயோகம் அந்த வரம்பில் பாதியைத் தொட்டால் ஒரு செய்தி போகும். எண்பது சதவீதத்தில் இன்னொன்று. முழுதாகத் தொட்டால் வெளியே பேசுவதும் நெட்டும் நின்றுவிடும். கொஞ்சம் பணம் கட்டினால்தான் திறக்கும். அதற்கு மேல், எங்கள் கம்பெனியில் வெளிநாட்டு நெட்டுக்கு என்று தனியாக ஒரு செலவு உச்சவரம்பும் இருந்தது. யாரும் கேட்காமலே எல்லோருக்கும் போட்டு வைத்திருப்பார்கள். மூவாயிரம் ரூபாய். அதைத் தொட்டதும் நெட் மட்டும் நிற்கும், போன் வரும், போகும். வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து கணக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிந்தும் என்பதால் மூவாயிரம் என்பது மூவாயிரத்து ஐந்நூறாகலாம், நாலாயிரமாகலாம். எண்பத்தேழாயிரம் ஆகாது.

பாயின் பழைய கடன் வரம்பு ஐயாயிரம். திரையில் இருந்தது ஒரு லட்சம். வெளிநாட்டு நெட் உச்சவரம்பு என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. மாற்றிய தேதி, அவர் உம்ராவுக்காக வந்த அன்றைக்கு. மாற்றிய ஊழியர் எண் என்னுடையது.

இதை எப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியும். தினமும் செய்ததுதான். எங்கள் மேனேஜர் போட்ட உத்தரவு அது. யாருக்கு ரோமிங் போட்டாலும் கூடவே வரம்பை ஒரு லட்சமாக்கி, உச்சவரம்பை எடுத்துவிட வேண்டும். வெளிநாட்டில் போய் இறங்கினவருக்கு நெட் நின்றுவிட்டால் அவர் புகார் செய்வார். அந்தப் புகாருக்கு எங்கள் கடைக்கு மார்க் குறையும். பில் அதிகமாகிவிட்டது என்ற புகாருக்கு மார்க் குறையாது. அது பில்லிங் பிரிவின் கணக்கில் போய்விடும். அதோடு, வரம்பு உயர்த்திய ஒவ்வொரு இணைப்புக்கும் மாசக் கடைசியில் கடைக்கு ஒரு சிறு தொகை வந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. நான் வாங்கியிருக்கிறேன்.

வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. அவருடைய போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். "பாய், ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றேன். சொன்னார். அது ரோமிங்குக்கு. "இன்னொண்ணு வந்திருக்கும் பாருங்க." கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதையும் படித்துச் சொன்னார். அது ஒரு லட்சத்துக்கும், உச்சவரம்பை எடுப்பதற்கும். எதற்கு என்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. செய்தியில் ஆங்கிலத்தில் எழுதித்தான் இருந்தது. கம்பெனியின் கண்ணில் அது அவருடைய முழுச் சம்மதம்.

இந்த ஒரு மாற்றத்தில் மணி அடிக்கிற இடமே தள்ளிப் போய்விட்டது. ஐயாயிரம் வரம்பாக இருந்திருந்தால் முதல் எச்சரிக்கை இரண்டாயிரத்து ஐந்நூறில் போயிருக்கும். ஒரு லட்சம் ஆக்கியதால் முதல் எச்சரிக்கையே ஐம்பதாயிரத்தில்தான் போனது. இரண்டாவது எண்பதாயிரத்தில். அவ்வளவுதான் போனது. முழு வரம்பைத் தொடுவதற்குள் அவர் இறந்துபோனார்.

அந்த இரண்டு எச்சரிக்கைகளும் எந்த எண்களுக்குப் போயின என்று பார்த்தேன். ஒன்று அவருடைய எண். இன்னொன்று மாற்று எண். வீட்டில் இருக்கிற ஒருவருக்கும் தகவல் தெரியட்டும் என்றுதான் படிவத்தில் மாற்று எண் கேட்கிறார்கள். பாயின் படிவத்தில் இருந்த மாற்று எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான் புரிந்தது. அது எங்கள் கடையின் எண்.

அதுவும் என் வேலைதான். மாற்று எண் இல்லாமல் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. கூட்டம் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, கடைக்கென்று இருந்த பழைய போனின் எண்ணைப் போட்டுவிடுவோம். கவுண்டரில் இருந்த நான்கு பேரும் அப்படித்தான் செய்தோம். மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் அந்தப் போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. சொருகிவிட்டுக் காத்திருந்தேன். உயிர் வந்ததும் செய்திகள் விழ ஆரம்பித்தன, நிற்கவே இல்லை. யார் யாருடைய எச்சரிக்கைகளோ. கொற்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார், சேரன்மகாதேவியில் அரிசி ஆலை வைத்திருப்பவர், துபாய்க்குப் போன பையன்கள். அவற்றுக்கு நடுவே பாயின் எண்ணோடு இரண்டு செய்தி. உங்கள் உபயோகம் ஐம்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. உங்கள் உபயோகம் எண்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அவர் மக்காவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது இந்த இழுப்பறைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இரண்டு செய்திகளையும் என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு அந்தப் போனையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

அவர் எங்கள் பக்கத்து ஆள்தான், சாத்தான்குளத்துக்காரர். என்னை விட இரண்டு வயது மூத்தவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"அவரு ஓடிபி சொல்லியிருக்காரா இல்லியா?"

"சொன்னாரு. எதுக்குன்னு நான் சொல்லலியே."

"அத யாரு கேக்கப் போறா? சம்மதம் இருக்கு, உபயோகம் இருக்கு. பில்லு சரி. வீணா எதுக்கு நீ மெனக்கெடுத?"

"மாத்து நம்பரு நம்ம கடை நம்பரு சார்."

"அதான் சொல்லுதேன். இந்த போன்ல உள்ளதெல்லாத்தையும் அழிச்சிரு. இன்னைக்கே அவங்க பிள்ளை நம்பர மாத்து நம்பரா ஏத்திரு. முடிஞ்சுது சோலி."

"ஒரு மனுசன் செத்துப் போயிருக்காரு சார்."

"நம்ம பில்லாலயா செத்தாரு?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கவிழ்ந்து கிடந்த போனை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து பொருநை ஆற்று ஓரமாக ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது நூறு பதில் தோன்றின.

நான் எதையும் அழிக்கவில்லை. மாற்று எண்ணையும் மாற்றவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது புகாருக்குப் பதில் வந்திருந்தது. 'உபயோகம் சரிபார்க்கப்பட்டது. பில் சரியானது. புகார் முடிக்கப்பட்டது.' மூன்று வாக்கியம். அதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியது என் வேலை. படித்தேன். அவள் கேட்டுவிட்டு, "நேத்து ஒருத்தன் போன் போட்டான்க்கா" என்றாள்.

வசூல் பிரிவு. வீட்டு எண்ணை எங்கேயோ பிடித்திருக்கிறார்கள். உம்மா, கணவர் இறந்த பிறகு இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறார். வீட்டை விட்டு வெளியே வர மாட்டார், வெளி ஆண்களோடு பேச மாட்டார். போனை எடுத்தவள் கடைசித் தங்கச்சி. கல்லூரி முதல் வருஷம். அவளிடம் அவன், "பணம் கட்டத் துப்பில்லாதவன் எதுக்கு வெளிநாடு போறான், போனை அவர்கிட்டக் குடு" என்றிருக்கிறான். வாப்பா இல்லை என்று அவள் சொன்னதற்கு, "எல்லாரும் இதத்தான் சொல்லுதாங்க, சர்டிபிகேட்டை அனுப்பு" என்றானாம்.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து அவளை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு லட்சம், உச்சவரம்பு, இரண்டாவது ரகசிய எண், இழுப்பறையில் கிடந்த போன். "எல்லாம் செஞ்சது நான்தான்" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் பில்லைப் பிரித்துக் கடைசி வரியைப் பார்த்தாள்.

"மூவாயிரத்துல நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும். கொஞ்சம் கூடியிருக்கும். ஆனா நின்னிருக்கும்."

"நின்னிருந்தா இங்கனருந்து பணம் கட்டி, இன்னொரு பேக்கு போட்டிருப்போமே. மூவாயிரம் எங்களால முடியாதாக்கா? இல்ல, அங்கன ஒரு சிம்மு வாங்கியிருப்போம். தெரிஞ்சிருந்தா என்னமாவது செஞ்சிருப்போம்."

ஆமாம். அதுதான் விஷயம். தெரிந்திருந்தால். எச்சரிக்கை, வரம்பு எல்லாம் அந்தத் தெரிதலுக்காகத்தான். அந்தப் பேச்சை யாரும் அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. அதே ஆறு நாள், அதே முகம், இன்னொரு பேக்கின் காசில் பார்த்திருக்கலாம்.

"எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

எழுதினேன். அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து, என் ஊழியர் எண்ணைப் போட்டு, தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டு செய்திகளின் படத்தையும் சேர்த்தேன். பங்கு வாங்கியதையும் எழுதினேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இந்த வரி வேணுமா?" என்று அந்த இடத்தைக் காட்டினார். வேணும் என்றேன். அதை விட்டுவிட்டு எழுதினால் மேனேஜர் ஒருவரின் குற்றம் மாதிரி ஆகிவிடும்.

புகார் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் அதோடு போச்சு என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அதற்கு மேல் கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீடு செய்ய ஓர் இடம் இருக்கிறது, காசு கிடையாது. முதல் புகாரின் எண் இருந்தால் போதும். ஏழு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றார்கள். இருப்பதே தெரியாத ஒன்றை யார் வந்து கேட்பார்கள்? அவள் என் கடிதத்தையும் பில்லையும் இறப்புச் சான்றிதழையும் சேர்த்து மேல்முறையீட்டுக்கு அனுப்பினாள்.

நான்காம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கடிதத்தின் நகல் அவர் கைக்கு வந்திருந்தது.

"ஒன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுருக்கியே. ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"ஆமா" என்றேன்.

"கம்பெனி ஒன்னத்தான் வெளிய அனுப்பும். என்னைய இல்ல."

அது சரியாகத்தான் இருந்தது. விதியை மீறியதாக எனக்கு நோட்டீஸ் வந்தது. பதில் கொடுக்காமல் நானே வேலையை விட்டேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வரம்பை உயர்த்தச் சொல்லி அவர் எழுத்தில் ஒருநாளும் உத்தரவு போட்டதில்லை. எல்லாம் வாய் வார்த்தை.

வேலையை விட்ட மறு வாரம் மேலப்பாளையத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. உம்மா உள்ளறையில் தரையில் விரித்த பாயில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் புடவை. நான் யார் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும், "அவங்க போனுக்கும் அந்தச் செய்தி வந்திருக்கும்மா, நீங்க பாக்கலியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மேல என்னமோ எழுத்து வந்துச்சு தாயி" என்றார். "இங்கிலீசுல. பிள்ளைங்க பேசிக்கிட்டிருக்காளுவ, அந்த எழுத்து அவளுவ மொகத்த மறைச்சுச்சு. நான் வெரலால தள்ளி விட்டுட்டேன்."

தள்ளிக் காட்டினார். காற்றில், ஒற்றை விரலால்.

ஐம்பதாயிரம் ரூபாய் போயிருக்கிறது என்று ஒருத்தருக்குச் சொல்வதற்கு இவ்வளவுதான் ஏற்பாடு. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணின் கண்முன்னால், ஆங்கிலத்தில், மூன்று விநாடி. அதைத்தான் எச்சரிக்கை அனுப்பியாயிற்று என்று கணினி பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சையை நான் எத்தனை பேருக்குத் திரையைத் திருப்பிக் காட்டியிருப்பேன். 'செய்தி போயிருக்கு சார், நீங்கதான் பாக்கல.' அன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு யாரைக் கொண்டுவந்து நிறுத்துவது என்று தெரியவில்லை. முதலில் நின்றது நான்தான்.

மூத்தவள் டீ கொண்டுவந்து வைத்தாள். நன்றி என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. தன் போனையும் தங்கச்சிகள் போனையும் எடுத்துவந்து, "இதுல எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றாள். ஆப்பில் கடன் வரம்பு எங்கே இருக்கிறது, அதை எப்படிக் குறைப்பது, எச்சரிக்கைச் செய்தியைத் தமிழில் எப்படி மாற்றுவது, வெளிநாட்டு நெட்டை எப்படி மொத்தமாக அணைத்து வைப்பது, மாற்று எண் யாருடையது என்று எங்கே பார்ப்பது, எல்லாம் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகத் தானே செய்து பார்த்தாள். நான் தொட வேண்டாம் என்று போனைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதத்துக்கு மேலாகி மேல்முறையீட்டின் முடிவு வந்தது. உச்சவரம்பு இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அந்த மூவாயிரமும் மாச வாடகையும் வரியும் மட்டும் கட்டினால் போதும். மிச்சத்தைத் தள்ளுபடி செய்கிறோம். வசூல் அழைப்பு நிறுத்தப்பட்டது. அவள் அதை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். எனக்கு அழுகை வந்தது. பிறகு இரண்டாவது தடவை படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. 'வாடிக்கையாளரின் துயரத்தைக் கருத்தில் கொண்டு, நல்லெண்ண அடிப்படையில்.'

உடனே அவள் அழைத்தாள். அன்றைக்குத்தான் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது.

"யாருக்கா இவங்க நல்லெண்ணத்த கேட்டா? தப்புன்னு எழுதச் சொல்லுங்க. எங்க வாப்பா என்ன பிச்சையா கேட்டாரு?"

நான் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை, எழுதச் சொல்ல எனக்கு வழியில்லை என்றேன். அவளே எழுதினாள். 'நல்லெண்ணம் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, பிழை என்று போட்டு அனுப்பவும்' என்று ஒரே வரி. கட்ட வேண்டிய தொகையை அன்றே கட்டிவிட்டு, அந்த ரசீதோடு அனுப்பினாள். பதில் வரவில்லை. பதினைந்து நாள் பார்த்துவிட்டு மறுபடி அனுப்பினாள். அதற்கும் வரவில்லை. இன்னமும் மாசம் ஒரு தடவை அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.